இருபது லட்சத்தில் எவ்வளவு திரும்பும்?

கோவை கணபதிப் பகுதியில் பம்பு உதிரி பாகங்களைக் கடைந்து கொடுக்கும் லேத் பட்டறை ஒன்று இருக்கிறது. அண்ணன், தம்பி இருவரும் கூட்டு நிறுவனமாக நடத்துகிறார்கள். அங்கே வரவு செலவுக் கணக்கைப் பார்த்துக் கொடுக்கும் வேலை என்னுடையது. ஒரு செப்டம்பர் மாதம் மூத்தவர் என்னிடம் ஒரு தாளை நீட்டினார். சிஎன்சி லேத் விற்க வந்தவர் கொடுத்துவிட்டுப் போன கொட்டேஷன் அது. ஜிஎஸ்டி போக மெஷின் விலை 20 லட்சம் ரூபாய். அதன் அடியில் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது: வரி மிச்சம் 6,24,000.

“ஏனுங்க, அப்ப மெஷின் நமக்குப் பதிமூணே முக்கால் லட்சத்துக்கே விழுகுதுங்களா?” என்று கேட்டார்.

“இல்லீங்க. ஆறு லட்சத்து இருபத்தி நாலாயிரம்ங்கிறது பொய் இல்ல. ஆனா அது வந்து சேர இருபது வருஷத்துக்கு மேல ஆகும். அதோட இன்னைக்கு மதிப்பு என்னன்னு பார்த்துட்டுத்தான் விலையில கழிக்கோணும்” என்றேன்.

அன்று அவருக்காகப் போட்ட கணக்கைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். மெஷின் வாங்கும் சிறு தொழிற்கூடங்கள் பலவற்றில் இதே தாளும் இதே வரியும் கைமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் அந்த 6,24,000 எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம். தொழிலுக்காக வாங்கும் மெஷினின் விலையை வாங்கிய ஆண்டிலேயே செலவாகக் காட்டிவிட வருமான வரிச் சட்டம் விடாது. ஆண்டுதோறும் ஒரு பகுதியைத் தேய்மானம் என்று கழித்துக்கொள்ளச் சொல்லும். தேய்மானம் என்பது கையை விட்டுப் போகும் பணமில்லை. பணம் மெஷின் வாங்கிய நாளிலேயே போய்விட்டது. ஆனாலும் கணக்கில் அது செலவாக உட்கார்ந்து, வரி விதிக்க வேண்டிய லாபத்தைக் குறைக்கிறது. ஒரு லட்சம் ரூபாய் தேய்மானம் எழுதினால், அந்த ஒரு லட்சத்துக்கான வரியைக் கட்ட வேண்டியதில்லை. நிதித்துறைக்காரர்கள் இதை வரிக் கேடயம் என்பார்கள். லாபத்தின் மேல் விழவிருந்த வரியைத் தேய்மானம் தடுத்து நிற்பதால் அந்தப் பெயர்.

கூட்டு நிறுவனத்துக்கு வரி 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். லாபம் ஒரு கோடியைத் தாண்டினால் சர்சார்ஜும் சேரும். இந்தப் பட்டறை அந்த உயரத்தில் இல்லை. ஆக 31.2 சதவீதம். இருபது லட்சத்தில் 31.2 சதவீதம் என்றால் 6,24,000. விற்பனையாளர் செய்தது இவ்வளவுதான். பெருக்கலில் தப்பில்லை. அந்தத் தொகை எப்போது வரும் என்ற கேள்வியைத்தான் அவர் கேட்கவில்லை.

எப்போது வரும் என்பதைத் தீர்மானிப்பது தேய்மானம் எழுதும் முறை. இந்திய வருமான வரியில் பொதுவான இயந்திரங்களுக்குக் குறைந்து செல் மதிப்பு முறையில் 15 சதவீதம். ஆடிட்டர்கள் டபிள்யூடிவி என்று சொல்வது இதைத்தான். ஆண்டுதோறும் ஒரே தொகையைக் கழிப்பது நேர்க்கோட்டு முறை. இதில் அப்படியில்லை. சென்ற ஆண்டு கழித்தது போக ஏட்டில் மீதி நிற்கும் மதிப்பில் 15 சதவீதத்தைக் கழிக்க வேண்டும். மீதி சிறுத்துக்கொண்டே போவதால் தேய்மானமும் சிறுத்துக்கொண்டே போகும்.

நம் மெஷினுக்கு முதல் ஆண்டு தேய்மானம் 3,00,000 ரூபாய். அதனால் மிஞ்சும் வரி 93,600. ஏட்டில் நிற்பது 17 லட்சம். இரண்டாம் ஆண்டு அதில் 15 சதவீதம் 2,55,000. மிஞ்சும் வரி 79,560. மூன்றாம் ஆண்டு 14,45,000-இல் 15 சதவீதம் 2,16,750, மிஞ்சுவது 67,626. இப்படியே பத்து ஆண்டு கழித்த பிறகும் ஏட்டில் 3,93,749 ரூபாய் மீதி இருக்கும். கணக்குப்படி இந்த மீதி ஒருநாளும் சுழியாகாது. பாதி, அதில் பாதி என்று தின்றுகொண்டே போகும் பண்டம்போல, கொஞ்சம் எப்போதும் மிச்சமிருக்கும்.

அடுத்தது, பிறகு வரும் பணத்தை இன்றைய பணமாக மாற்றுவது. பட்டறைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டியிருக்கவில்லை. வங்கியில் 12 சதவீத வட்டிக்குக் கடன் வைத்திருந்தார். இன்று கையில் 100 ரூபாய் இருந்தால் கடனில் கட்டலாம். ஓராண்டு கழித்து 112 ரூபாய் வந்தால்தான் அதற்கு ஈடு. ஆகவே ஓராண்டு கழித்து வரும் 93,600 ரூபாயை 1.12-ஆல் வகுத்தால் அதன் நிகழ்கால மதிப்பு கிடைக்கும்: 83,571. இரண்டாம் ஆண்டின் 79,560-ஐ இரண்டு முறை வகுக்க வேண்டும்: 63,425. மூன்றாம் ஆண்டுக்கு 48,135. நான்காம் ஆண்டுக்கு 36,531. ஐந்தாம் ஆண்டுக்கு 27,724. இந்த ஐந்தையும் கூட்டினால் 2,59,386.

முடிவில்லாமல் போகும் இந்த வரிசையைக் கடைசிவரை கூட்டிக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஒரு தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அடியில் இரண்டு துளைகள். ஒன்றில் ஒழுகுவது நம் குடத்தில் விழுகிறது. அந்தத் துளையின் அளவு 15. இன்னொன்றில் ஒழுகுவது மண்ணில் போகிறது. அதன் அளவு 12. தொட்டி காலியாகும்போது குடத்தில் எவ்வளவு இருக்கும்? மொத்தம் 27 பங்கு ஒழுகியதில் 15 பங்கு. குடத்தில் விழுவது தேய்மானம். மண்ணில் போவது காத்திருப்பதால் இழக்கும் வட்டி. 15-ஐ 27-ஆல் வகுத்தால் 0.5556. விற்பனையாளர் எழுதிய 6,24,000-ஐ இதால் பெருக்கினால் 3,46,667 ரூபாய். வரிக் கேடயத்தின் நிகழ்கால மதிப்பு இதுதான்.

சூத்திரமாக எழுதினால் இவ்வளவே:

```
PV = C × T × d / (d + k)
```

C என்பது மெஷின் விலை, T வரி வீதம், d தேய்மான வீதம், k வட்டி வீதம். தொட்டி உவமை வெறும் அலங்காரமோ என்று யாருக்காவது தோன்றினால், இப்படியும் சரிபார்க்கலாம். ஏட்டில் நிற்கும் ஒவ்வொரு ரூபாயின் தேய்மானத்துக்கும் இன்று ஒரு மதிப்பு இருக்கிறது. அதை V என்போம். ஓராண்டு போனால் அந்த ரூபாயில் 15 பைசா தேய்மானமாகக் கைக்கு வரும். 85 பைசா ஏட்டில் நிற்கும். அப்படி நிற்கும் 85 பைசாவுக்கும் அதே V விகிதத்தில்தான் மதிப்பு. ஆகவே V-ஐ 1.12-ஆல் பெருக்கினால் 0.15-உம் 0.85 V-உம் சேர்ந்த தொகை வர வேண்டும். தாளில் எழுதி V-ஐப் பிரித்தெடுத்தால் 0.15-இன் கீழ் 0.27 என்று வந்து நிற்கும்.

3,46,667-ஐ மெஷின் விலையோடு சேர்த்துப் பார்த்தால் ரூபாய்க்கு 17 பைசா 33. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மெஷினில் போடும் ஒவ்வொரு ரூபாய்க்கும் வரி வழியாகத் திரும்புவது இன்றைய மதிப்பில் ஏறக்குறைய 17 பைசா. விற்பனையாளர் சொன்ன 31 பைசா அல்ல. இந்தக் கணக்கில் மெஷின் பட்டறைக்கு 16,53,333 ரூபாய்க்கு விழுகிறது. பதிமூணே முக்கால் லட்சத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் கிட்டத்தட்ட 2,77,000. அந்த மெஷினில் ஓர் ஆபரேட்டரின் ஓராண்டுச் சம்பளத்தை அதில் கொடுத்துவிடலாம்.

இப்போது தேதிக்கு வருவோம். அண்ணன் தம்பிக்கு இதுதான் உண்மையில் கைக்கு உதவிய பகுதி. ஒரு மெஷினை நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அந்த ஆண்டுக்குப் பாதித் தேய்மானம்தான் கிடைக்கும்: 15-க்குப் பதில் ஏழரை சதவீதம். மார்ச் 31-லிருந்து பின்னோக்கி எண்ணினால் சாதாரண ஆண்டில் அக்டோபர் 3-ஆம் தேதி கடைசி நாள். அக்டோபர் 4 என்றால் 179 நாள், பாதிதான்.

பாதி போய்விட்டதே என்று கலங்க வேண்டாம். அந்த ஒன்றரை லட்சம் தொலைந்துபோவதில்லை; ஏட்டிலேயே நின்று அடுத்த ஆண்டுகளில் தேயும். இழப்பது காத்திருப்பின் வட்டியைத்தான். எல்லாவற்றையும் நிதியாண்டின் தொடக்க நாளுக்குக் கொண்டுவந்து ஒப்பிட்டால், அக்டோபர் 3-க்குள் ஓடத் தொடங்கிய மெஷினின் கேடயம் 3,46,667. அதன்பின் மார்ச் 31-க்குள் ஓடத் தொடங்கினால் 3,28,095. அடுத்த நிதியாண்டுக்குத் தள்ளிப் போட்டு ஏப்ரலில் ஓட்டினால் 3,09,524. ஒவ்வொரு படிக்கும் சரியாக 18,571 ரூபாய் இறக்கம். இரண்டு படியும் ஒரே உயரமாக இருப்பது தற்செயல் அல்ல. முதல் ஆண்டில் பாதி என்றால் முழு ஆண்டுத் தாமதத்தில் பாதித் தாமதம் என்றுதான் பொருள்.

இதைக் கேட்டதும் தம்பி உடனே சொன்னார்: “அப்ப 3-ஆம் தேதிக்குள்ள பில்லு போடச் சொல்லிடலாங்களா?”

பில் போட்டால் போதாது. சட்டம் கேட்பது மெஷின் பட்டறைக்குச் சொந்தமாக இருப்பதையும், தொழிலுக்குப் பயன்பட்டதையும். லாரியிலிருந்து இறக்கி, தார்ப்பாயால் மூடி, மூன்று ஃபேஸ் இணைப்புக்காகக் காத்திருக்கும் மெஷினுக்குத் தேய்மானம் கேட்டால் அதிகாரி மறுப்பார். மறுப்பதில் நியாயமும் இருக்கிறது. அஸ்திவாரம் போட்ட பில், நிறுவிக் கொடுத்த பொறியாளரின் கையெழுத்துள்ள அறிக்கை, முதல் ஜாப் கார்டு, அந்தப் பொருளை அனுப்பிய டெலிவரி சலான், மின் கட்டணத்தில் தெரியும் ஏற்றம். இவைதான் பின்னாளில் பேசும். 18,571 ரூபாய்க்காகத் தேதியை மாற்றி எழுதும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அதற்குப் போடும் அபராதமும், மற்றக் கணக்குகளின் மேல் விழும் சந்தேகமும் இந்தத் தொகையைவிட எத்தனையோ மடங்கு பெரியவை.

இன்னொரு பக்கமும் உண்டு. அக்டோபர் 3-க்குள் வாங்கவேண்டும் என்ற அவசரத்தில், பேரம் பேசினால் விலையில் 25,000 குறைத்திருக்கக்கூடிய விற்பனையாளரிடம் கேட்ட விலைக்கே வாங்கிவிட்டால், வரியில் ஈட்டியதைவிட விலையில் இழந்தது அதிகம். படி 18,571 என்று தெரிந்தால்தான் எதற்கு அவசரப்படலாம், எதற்குக் கூடாது என்று சொல்ல முடியும். “மார்ச் 31-க்குள் வாங்கினால் வரி முழுவதும் மிச்சம்” என்று வரும் அழைப்புகளுக்கும் இதே அளவுகோலைத்தான் வைக்க வேண்டும்.

பட்டறைக்கு இன்னொரு சலுகையும் கிடைத்தது. பொருள் உற்பத்தி செய்யும் தொழிலில் புதிதாக வாங்கும் இயந்திரத்துக்கு முதல் ஆண்டில் 20 சதவீதம் கூடுதல் தேய்மானம் உண்டு. பழைய மெஷினை இன்னொருவரிடமிருந்து வாங்கினால் கிடையாது. அலுவலகத்து ஏசிக்கும் கிடையாது. 22 சதவீதச் சலுகை வரிக்குப் போய்விட்ட கம்பெனிகளுக்கும், புதிய வரி முறையில் இருக்கும் தனிநபர்களுக்கும் கிடையாது. கூட்டு நிறுவனத்துக்கு அத்தகைய சலுகை வரி இல்லை என்பதால் இது கைக்கு வருகிறது.

ஆக முதல் ஆண்டில் 35 சதவீதம், அதாவது 7 லட்சம் ரூபாய் கழிகிறது. ஏட்டில் நிற்பது 13 லட்சம். அதன்பின் வழக்கமான 15 சதவீதம். கவனியுங்கள், மொத்தம் கழிக்கக்கூடியது இப்போதும் அதே 20 லட்சம்தான். மொத்த வரி மிச்சமும் அதே 6,24,000 தான். கூடுதல் என்ற பெயரைப் பார்த்து 24 லட்சம் கழிக்கலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள்; அது தவறு. மாறுவது வேகம் மட்டுமே. அந்த வேகத்தின் விலை என்ன? முதல் ஆண்டு 35 பைசாவோடு, மீதி 65 பைசாவுக்கு நம் 0.5556-ஐப் பெருக்கிச் சேர்த்து, 1.12-ஆல் வகுத்தால் 0.6349. கேடயத்தின் மதிப்பு 3,96,190 ஆகிறது. சலுகையால் வந்தது 49,524. ரூபாய்க்கு 17 பைசா என்பது கிட்டத்தட்ட 20 பைசா ஆகிறது. அக்டோபர் 3 தாண்டிவிட்டால் இந்தக் கூடுதலிலும் பாதி, அதாவது 10 சதவீதம், அடுத்த ஆண்டுக்குப் போகும். அப்போது தேதியைத் தவறவிடுவதன் இழப்பு சுமார் 21,200 ரூபாய்.

பழைய ஆட்கள் சிலர் 25 சதவீதத் தேய்மானம் இருந்த காலத்தைச் சொல்வார்கள். உண்மைதான். 2005-06 நிதியாண்டிலிருந்துதான் அது 15 ஆனது. 25 என்றால் 37-இல் 25 பங்கு நமக்கு. கேடயம் 4,21,622 ஆக இருந்திருக்கும். குறைத்த அதே சமயத்தில்தான் கூடுதல் தேய்மானத்தை 20 சதவீதமாக உயர்த்தினார்கள். ஆகவே புதிய மெஷின் வாங்கும் உற்பத்தியாளருக்கு அடி ஓரளவுதான். பழைய மெஷின் வாங்குபவருக்குத்தான் முழு அடி.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் ஒரு நிபந்தனையில் நிற்கிறது. தேய்மானம் கழிக்கும் அளவுக்கு லாபம் இருக்க வேண்டும். லாபமே இல்லாத ஆண்டில் வரியும் இல்லை. வரி இல்லாதபோது கேடயம் எதைத் தடுக்கும்? கழிக்க முடியாத தேய்மானத்தைக் கால வரம்பின்றி அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துப் போகலாம் என்று சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அதற்கு அரசு வட்டி தராது. 15 சதவீத முறையில் முதல் இரண்டு ஆண்டு மிச்சம் 93,600-உம் 79,560-உம் மூன்றாம் ஆண்டில்தான் கைக்கு வந்தது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய மதிப்பில் 1,46,996 ஆக இருந்திருக்க வேண்டியது 1,23,252 ஆகிவிடும். 23,744 ரூபாய் மண்ணில் போனது. லாபம் வரும் ஆண்டுவரை தேய்மானத்தை எழுதாமல் வைத்திருக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. நீங்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த ஆண்டுத் தேய்மானம் கழிந்துவிட்டதாகவே கணக்கு போகும்.

வட்டி வீதத்தை எவ்வளவு வைப்பது என்பதில் நிதி அறிந்தவர்களிடையே இரு கட்சி உண்டு. வரிச் சட்டம் தரும் கழிவு ஏறக்குறைய உறுதியானது. ஆகவே கடன் வட்டியிலும் வரி மிச்சத்தைக் கழித்துவிட்டுக் குறைந்த வீதத்தை வைக்கலாம் என்பது ஒரு கட்சி. 12 சதவீத வட்டியில் 31.2 சதவீதம் வரியில் திரும்புவதால் உண்மைச் செலவு 8.256 சதவீதம்தான். அந்த வீதத்தில் 15 சதவீதக் கேடயம் 4,02,477 ஆகும். பத்துப் பதினைந்து பிரிவுகளில் லாபம் பார்க்கும் பெரிய கம்பெனிக்கு இது பொருந்தும். ஒன்றில் நஷ்டம் வந்தாலும் இன்னொன்றின் லாபத்தில் தேய்மானம் கழிந்துவிடும். இரண்டே வாடிக்கையாளர்களை நம்பி ஓடும் பட்டறைக்கு அந்த உறுதி கிடையாது. அதனால் நான் முழு 12-ஐத்தான் வைத்தேன். இது என் முடிவு. உங்கள் ஆடிட்டர் வேறு சொல்லலாம். ஆனால் எந்த வீதத்தை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று தாளில் எழுதி வையுங்கள். ஒரே மெஷினுக்கு மூன்று லட்சத்துச் சொச்சமும் நான்கு லட்சமும் வருவது இந்த ஓர் எண்ணால்தான்.

விலை என்று எதை எடுப்பது என்பதிலும் தவறு நடக்கிறது. மெஷினுக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொண்டால் அதை விலையில் சேர்க்கக்கூடாது. இரண்டு இடத்திலும் கேட்க முடியாது. மெஷின் ஓடத் தொடங்கும் நாள்வரை அதற்கான கடனுக்குக் கட்டிய வட்டி விலையில் சேரும். மானியம் வந்தால் அந்தத் தொகை விலையிலிருந்து கழியும். இங்கேதான் நம் 17 பைசா மறுபடி வருகிறது. 5 லட்சம் ரூபாய் மானியம் வந்தால் ஏட்டில் 15 லட்சம்தான் ஏறும். குறைந்த ஒவ்வொரு ரூபாய்க்கும் 17 பைசா 33 கேடயம் போகும், மொத்தம் 86,667. மானியத்தின் உண்மைப் பலன் 4,13,333. வாங்காமல் விட வேண்டியதில்லை. எவ்வளவு என்று தெரிந்து வாங்க வேண்டும்.

மெஷினை ஒருநாள் விற்கவும் நேரும். நம் சட்டம் ஒவ்வொரு மெஷினையும் தனித்தனியாகத் தொடர்வதில்லை. ஒரே வீதத்தில் தேயும் இயந்திரங்களை ஒரு தொகுதியாகச் சேர்த்துவிடுகிறது. ஆடிட்டர்கள் பிளாக் என்பார்கள். 1988 ஏப்ரல் முதல் இந்த முறைதான். பழைய சட்டத்தின் இடத்துக்கு 2025-இல் இயற்றிய புதிய வருமான வரிச் சட்டம் வந்த பிறகும் தொடர்கிறது. தொகுதிக்குள் போன மெஷினுக்குத் தனி முகம் இல்லை. விற்றால் விற்ற பணம் தொகுதியின் மதிப்பிலிருந்து கழியும், அவ்வளவே.

எட்டு ஆண்டு முடிந்து ஒன்பதாம் ஆண்டின் முதல் வாரத்தில் இந்த லேத்தை 5 லட்சத்துக்கு விற்றதாக வைத்துக்கொள்வோம். பட்டறையில் வேறு மெஷின்கள் இருக்கின்றன. தொகுதி உயிரோடு இருக்கிறது. தொகுதியில் 5 லட்சம் குறைந்ததால் போகும் கேடயம் அன்றைய மதிப்பில் மறுபடி அதே 86,667. எட்டு ஆண்டுக்கு முன்னால் கொண்டுவந்தால் 35,003. ஆகவே 15 சதவீதக் கணக்கில் நிகரக் கேடயம் 3,46,667-இல் இதைக் கழித்து 3,11,664. விற்பனையை நினைக்காமல் கணக்குப் போட்டவர்கள் இந்த 35,000-ஐ மிகையாக எண்ணிவிடுகிறார்கள். எட்டாம் ஆண்டு முடிவில் ஏட்டில் இந்த மெஷினின் பங்கு 5,44,981. விற்றது 5 லட்சத்துக்கு. இடையிலுள்ள 44,981 ரூபாய், மெஷின் பட்டறையை விட்டுப் போன பிறகும் தொகுதிக்குள் இருந்து தேய்ந்துகொண்டே இருக்கும்.

அதுவே பட்டறையின் ஒரே மெஷினாக இருந்தால் கதை மாறுகிறது. தொகுதி காலியாகிவிட்டதால் அந்த 44,981 இனித் தேய்மானமாகாது. குறுகிய கால மூலதன நஷ்டம் என்று பெயர் மாறும். அதைத் தொழில் லாபத்தில் கழிக்க முடியாது. நிலமோ பங்கோ விற்று மூலதன லாபம் வந்தால்தான் கழிக்கலாம், அதுவும் எட்டு ஆண்டுகளுக்குள். அப்படி எதுவும் விற்காத சிறு பட்டறைக்கு அந்த நஷ்டத்தால் ஒரு ரூபாய் வரிகூடக் குறையாது. பழைய மெஷினை விற்றுப் புதியது வாங்கும் ஒற்றை மெஷின் பட்டறைக்காரர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: விற்கும் அதே நிதியாண்டுக்குள் புதிய மெஷினை வாங்கித் தொகுதியில் சேர்த்துவிடுங்கள். மார்ச்சில் விற்று ஏப்ரலில் வாங்கினால் தொகுதி நடுவில் செத்துப்போகிறது.

அண்ணன் தம்பி என்ன செய்தார்கள்? இணைப்புக்கு மின்வாரியத்தில் விண்ணப்பித்திருந்தார்கள். செப்டம்பருக்குள் கிடைக்கும் என்று தோன்றவில்லை. அக்டோபர் 3-ஐ விட்டுவிட்டார்கள். தாமதத்தால் போவது 21,200 என்று தெரிந்திருந்ததால், விற்பனையாளரிடம் நிதானமாகப் பேசி விலையில் 40,000 குறைத்தார்கள். நவம்பரில் மெஷின் ஓடியது. பட்டறைக்கு அது ஈட்டித் தரவேண்டிய வேலை இருக்கிறதா என்பதைத்தான் அவர்கள் கடைசிவரை அதிகம் விவாதித்தார்கள். அது சரியான விவாதம். வேலை இல்லாத மெஷினில் ரூபாய்க்கு 20 பைசா வரியில் திரும்பினாலும் 80 பைசா போனது போனதுதான்.

உங்கள் மெஷின் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்பதை நீங்களே பார்க்கலாம். ஆடிட்டர் தரும் தேய்மான அட்டவணையில் ஆண்டில் சேர்ந்த மெஷின்களுக்கு இரண்டு பத்திகள் இருக்கும்: 180 நாளும் அதற்கு மேலும் ஒன்று, 180 நாளுக்குக் குறைவு இன்னொன்று. மெஷின் எந்தப் பத்தியில் இருக்கிறது, விலையில் ஜிஎஸ்டி கலந்திருக்கிறதா, கூடுதல் தேய்மானம் எழுதியிருக்கிறதா, சென்ற ஆண்டு பாதியாக நின்ற கூடுதல் இந்த ஆண்டு வந்திருக்கிறதா என்று பாருங்கள். இந்தக் கடைசி ஒன்றைத்தான் நான் பார்த்த கணக்குகளில் அதிகம் மறந்துவிடுகிறார்கள். அட்டவணையில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பத்தியைக் காட்டி உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.